எடைக்குப் பின்னால் ஒரு பொட்டு எம்-சீல்

லாசரஸுக்குப் பாட வராது. அது ஒன்றும் குற்றமில்லை, ஊரில் பாதிப் பேருக்கு வராது. ஆனால் அவர் பிறந்த வீட்டில் அப்பா சபைப் பாடகர் குழுவில் இருந்தார், அண்ணன் ஆர்கன் வாசித்தார், தங்கை தேவாலயத்தில் தனியாக நின்று பாடுவாள். இவர் ஒருத்தர் வாயைத் திறந்தால் முன்பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் எழுந்து நின்று பாடும்போது லாசரஸ் உதட்டை மட்டும் அசைப்பார். ஆண்டவருக்குத் தெரியும், சபைக்குத் தெரியாது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. சபைக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட மனிதருக்கு வயலின் வாசிக்கிற எப்சி மனைவியாக வாய்த்தாள். எப்சி காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தாள். காலையில் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டிலிருந்து பஸ், தாம்பரத்தில் ரயில், சாயங்காலம் அதே வழியில் திரும்பி வந்து முகம் கழுவி வயலினை எடுத்தால் சோறு வைக்கிற வரைக்கும் கீழே வைக்க மாட்டாள். லாசரஸ் தாம்பரம் ரயில் பணிமனையில் பிரேக் ஃபிட்டர். குழந்தை இல்லை. உறவுக்காரர்கள் அதைப் பற்றி உச்சுக்கொட்டி ஓய்ந்துபோய்ப் பல வருஷமாயிற்று. மனைவி வாசிக்கும்போது கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. எது நன்றாக இருக்கிறது, எது சுமார் என்று அவருக்குத் தெரியாது. எல்லாமே நன்றாக இருந்தது.

தனக்கும் அந்த வயலினுக்கும் நடுவே ஏதாவது ஒரு ஒட்டுறவு வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரு நாள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், துருப்பிடித்த இஸ்திரிப்பெட்டிகளுக்கும் உடைந்த கடிகாரங்களுக்கும் நடுவே, கோபுரம் மாதிரி ஒரு மரப்பெட்டியைப் பார்த்தார். உள்ளே ஒரு கம்பி, கம்பியில் நகர்கிற சின்ன எடை, பின்னால் நம்பர் பலகை. ஓடவில்லை. வாங்கி வந்து பிரித்துப் போட்டு, ஸ்பிரிங்கைத் துடைத்து எண்ணெய் விட்டு, ஒரு பல்சக்கரத்தைப் பணிமனை நண்பரிடம் கொடுத்துச் சரிசெய்து, சாவி கொடுத்து மேசையில் வைத்தார். கம்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி டிக் டிக் என்றது. எப்சிக்குக் கண் விரிந்தது. வாசிக்கிறவர்கள் வேகத்தைப் பிடித்துக்கொள்ள வைக்கும் மெட்ரோனோம் அது. எடையைக் கீழே இறக்கினால் வேகம் கூடும், மேலே ஏற்றினால் குறையும். நம்பர் எவ்வளவோ, நிமிஷத்துக்கு அத்தனை தட்டு. அன்றிலிருந்து அதற்குச் சாவி கொடுக்கும் உத்தியோகம் லாசரஸுடையது.

சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவர் தேவானந்தம் மாஸ்டர். அவர் கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கென்று ஒரு பாட்டு எழுதியிருந்தார். அதில் குரல்கள் எல்லாம் மெல்ல நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்க, மேலே ஒரு வயலின் மட்டும் தனியாகப் பதினாறு பார், அதாவது பதினாறு தாளக்கட்டு, ஓடும். ஒரு தட்டுக்கு நாலு சுரம், மூச்சு விட இடமில்லாமல். நடுவில் இடது கை வயலினின் கழுத்துப் பகுதியிலிருந்து தாவி மேலே போய், மறுபடி தாவி இன்னும் மேலே போய், வில் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குக் குதித்துக் குதித்து இறங்கி வர வேண்டும். வேகம் நூற்றுப் பதினாறு. எப்சியின் கையை மனதில் வைத்துத்தான் எழுதினேன் என்று மாஸ்டரே சொன்னார். எப்சி அதை ஒரு டிசம்பரில் வாசித்தாள். முடிந்ததும் தேவாலயத்தில் கைதட்டக்கூடாது என்கிற வழக்கத்தை ஜனங்கள் மறந்தார்கள். லாசரஸ் மார்பு விம்மி உட்கார்ந்திருந்தார், தான் சாவி கொடுத்த பெட்டியும் அதில் சேர்த்தி என்று.

அடுத்த வருஷம் எப்சிக்கு வயிற்றில் புற்று என்றார்கள். அறுவை, அதற்கப்புறம் மருந்தேற்றுவது. அந்தக் கதையை நீட்டுவானேன், அதை அனுபவித்த வீடுகளுக்குத் தெரியும். எப்சி அழவில்லை. பார்க்க வந்தவர்கள் அழுதார்கள், அவர்களுக்கு இவள் காபி போட்டுக் கொடுத்தாள். கடைசியில் நோய் விட்டது என்று டாக்டர் சொன்னார். முடி முளைத்தது, முன்னைவிடச் சுருட்டையாக. விரல் நுனிகள்தான் திரும்பி வரவில்லை. மருந்து நரம்பைத் தொட்டிருக்கிறது, மரத்துப்போனது சரியானாலும் ஆகும், ஆகாமலும் போகும், சிலருக்கு மருந்து நின்ற பிறகும் கொஞ்ச காலம் அதிகமாகும் என்றார்கள். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் எப்சி கண்ணாடி முன் நிற்பதை லாசரஸ் பார்ப்பார். வந்து போட்டுவிடுவார். “சரியாயிடும்” என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அந்த ஒரு வார்த்தை.

சுதந்திர தினம் முடிந்த கையோடு தேவானந்தம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். இந்த வருஷம் அந்தப் பாட்டை மறுபடி வைக்கலாம் என்று நினைக்கிறேன், உங்கள் கை எப்படி என்று கேட்டார். குழுவில் வயலின் வாசிக்கிற சந்திரிகா என்று ஒரு பெண் இருந்தாள், சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, கை வேகம் உண்டு, வேண்டுமானால் அவளை இப்போதே படிக்கச் சொல்லலாம் என்றார். எப்சி தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். நவம்பர் கடைசி ஒத்திகை வரைக்கும் எனக்கு நேரம் கொடுங்கள், நூற்றுப் பதினாறுக்கு வந்துவிட்டால் நான் வாசிக்கிறேன், வராது போலிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், சந்திரிகாவுக்குப் படிக்க நேரம் இருக்கும் என்றாள். மாஸ்டர் சரியென்றார். அவர் போனதும் எப்சி லாசரஸிடம் சொன்னாள்: “இது வந்துடுச்சுன்னா, எனக்கு எல்லாமே வந்துடுச்சுன்னு அர்த்தம்.”

அது வராமல் போனால் என்ன அர்த்தம் என்று லாசரஸுக்குக் கேட்கத் தோன்றியது. ஆனால் தலையை ஆட்டினார்.

எப்சி திட்டம் போட்டாள். அந்தத் திட்டத்தைப் பார்த்தால் பணிமனை இன்ஜினியர்கள் வெட்கப்பட வேண்டும் என்று லாசரஸ் நினைத்தார். பதினாறு பாரையும் ஒரே மூச்சில் வாசித்துப் பழகுவது முட்டாள்தனம் என்றாள், அப்படிச் செய்தால் தப்பும் சேர்ந்து பழகிவிடும். நாலு துண்டாக உடைத்தாள். கடைசித் துண்டிலிருந்து ஆரம்பித்தாள், அப்போதுதான் தெரியாததிலிருந்து தெரிந்ததை நோக்கிப் போகலாம். கை தாவுகிற இரண்டு இடங்களை மட்டும் தனியே எடுத்து, வில்லே இல்லாமல் இடது கையை மட்டும் ஏற்றி இறக்கினாள். சமமான சுரங்களை ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று நொண்ட வைத்து வாசித்தாள், பிறகு அதையே தலைகீழாக. மெதுவாக வாசிக்கும்போதும் வில்லை நீளமாக இழுக்கக்கூடாது, வேகத்தில் எவ்வளவு வில் கிடைக்குமோ அவ்வளவுதான் மெதுவிலும் என்றாள். விரல் கம்பியைத் தொடுவது தெரியாததால் அழுத்தி அழுத்தி வைத்தாள், அழுத்தினால் கை இறுகியது. அதனால் தொடுவதை மறந்து, காதால் மட்டும் விரலை வைக்கப் பழகினாள்.

வேகத்துக்குச் சட்டம் இன்னும் கறார். அறுபதில் தொடங்க வேண்டும். தொடர்ந்து மூன்று தடவை சுத்தமாக வந்தால்தான் ஒரு படி. எழுபத்திரண்டு வரைக்கும் பலகையில் நம்பர்கள் மூன்று மூன்றாக, அதற்கு மேல் நாலு நாலாக ஏறும். ஒரு தடவை தடுக்கினாலும் இரண்டு படி கீழே. எத்தனை நன்றாக வந்தாலும் ஒரு நாளில் ஒரு படிக்கு மேல் ஏறக்கூடாது, மறுநாள் பழைய இடத்துக்கு இரண்டு படி கீழிருந்து மறுபடி ஏறி வரவேண்டும். அவசரப்பட்டு ஏறினால் கை பொய் கற்றுக்கொள்ளும் என்பாள்.

எடையை அந்தச் சின்னப் பள்ளங்களில் நிறுத்த அவள் விரலுக்குத் தெரியவில்லை, நழுவியது. போனில் இதற்கென்று இருப்பவை அவளுக்கு ஆகாது, அந்தப் பீப் சத்தம் ஆஸ்பத்திரி மெஷினை ஞாபகப்படுத்துகிறது என்றாள். ஆகவே எடை நகர்த்தும் வேலை லாசரஸுக்குப் பதவி உயர்வாக வந்தது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து குளித்து, மெட்ரோனோம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார். அவள் நம்பரைச் சொல்வாள், இவர் வைப்பார். அவள் நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தால் எடையை ஒரு பள்ளம் கீழே இறக்கி வேகத்தைக் கூட்டுவார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமான உத்தியோகம் அவருக்குக் கிடைத்ததில்லை.

செப்டம்பரில் எண்பது வந்தது. எண்பத்தெட்டு வந்தது. ஆயுத பூஜைக்குக் கீழ்வீட்டுக்காரர்கள் பொரி கொடுத்த அன்று தொண்ணூற்றிரண்டு வந்தது. எப்சி அன்றைக்கு இரண்டாந்தரம் சோறு போட்டுக்கொண்டாள். லாசரஸ் அதையும் எண்ணிக்கொண்டார்.

பிறகு நின்றது. தொண்ணூற்றிரண்டில் மூன்று தடவை சுத்தமாக வரவில்லை. இரண்டு வந்தது, மூன்றாவது தடுக்கியது. சட்டப்படி கீழே போனாள், ஏறினாள், மறுபடி தடுக்கியது. ஒரு வாரம், இன்னொரு வாரம். சட்டத்தில் குற்றமில்லை, உழைப்பில் குற்றமில்லை. ஒரு சாயங்காலம் தொண்ணூற்றிரண்டில் முதல் தடவையே தடுக்கியது. எண்பத்து நாலுக்கு வைக்கச் சொன்னாள். அதிலும் தாவுகிற இடத்தில் நாலாவது விரல் கம்பிக்குப் பக்கத்தில் வெறும் கட்டையில் விழுந்தது. விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை, சுரம் வராததால்தான் தெரிந்தது. எப்சி வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள். பெட்டி மேலேயே தலையைச் சாய்த்து அழுதாள். புற்று என்றபோது அழாதவள், முடி கொட்டியபோது அழாதவள், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். லாசரஸ் ஸ்டூலில் உட்கார்ந்தபடி இருந்தார். மெட்ரோனோமை நிறுத்த வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் பணிமனையில் வேலை ஓடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், குழாய்க் கசிவை அடைக்க வைத்திருந்த எம்-சீலில் கொஞ்சம் பிய்த்துத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டார். எப்சி ரயிலில் வந்துகொண்டிருக்கும் நேரத்தில், அந்தச் சாம்பல் நிற உருண்டையை மிளகளவுக்குப் பிசைந்து, மெட்ரோனோம் எடையின் பின்பக்கம் ஒட்டி விரலால் தேய்த்துச் சமமாக்கினார். எடை கனத்தால் கம்பி மெதுவாக ஆடும். பிரேக்கிலேயே காலம் தள்ளியவருக்கு அது தெரியாதா. வாட்ச்சை வைத்துத் தட்டுகளை எண்ணிப் பார்த்தார். தொண்ணூற்றிரண்டில் வைத்தால் எண்பத்து நாலு தட்டியது. ஒரே ஒரு நாளைக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இந்த உலகத்தில் ஒரே ஒரு நாளைக்கென்று ஆரம்பிக்காத பொய் எது.

அன்று தொண்ணூற்றிரண்டு மூன்று தடவையும் வந்தது. எப்சி நம்பாமல் பலகையைக் குனிந்து பார்த்தாள். பிறகு லாசரஸைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்ப்பதற்காக லாசரஸ் இன்னும் பத்துப் பொய் சொல்லத் தயாராக இருந்தார். சொல்லவும் சொன்னார். தொண்ணூற்றாறு வரவேண்டிய நாளில் உருண்டை கொஞ்சம் பெரிதாயிற்று. நூறுக்கு இன்னும் கொஞ்சம். தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது, நம்பர் மட்டும் படியேறிப் போயிற்று.

இத்தனை வருஷம் வாசித்த பெண்ணுக்கு இது தெரியாமல் போகுமா என்று கேட்பீர்கள். தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு வருஷம் வயலினைத் தொடாதவள், காது முழுவதும் விரல் எங்கே விழுகிறது என்பதிலேயே இருந்தது. அதோடு வேகம் கூடுகிறது என்று நம்ப ஏங்குகிற மனசு, நம்பரைப் பார்த்த மாத்திரத்தில் கூடியதாகவே கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பெட்டியைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? சாவி கொடுப்பது லாசரஸ்.

எப்சி மாறிப்போனாள். ரயிலில் தெரிந்தவர்களிடம் சிரித்துப் பேசினாள். கறிக்குழம்பு வைத்தாள். நவம்பர் முதல் வாரத்தில், நூற்றெட்டு வந்த அன்று, தேவானந்தம் மாஸ்டருக்குத் தானே போன் செய்து, வந்துவிடும், சந்திரிகாவைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று சொன்னாள். மாஸ்டர் வேண்டுமானால் அந்தத் தாவலை எளிதாக மாற்றி எழுதித் தரட்டுமா என்றார். எதற்கு மாஸ்டர், எழுதியபடியே வாசிக்கிறேன் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த லாசரஸுக்கு வேர்த்தது. புலி வாலைப் பிடித்த கதை என்பார்களே, விடவும் முடியாது, பிடிக்கவும் முடியாது.

சொல்லிவிட வேண்டும் என்று பல முறை வாயெடுத்தார். சாப்பிடும்போது நினைப்பார், அவள் நன்றாகச் சாப்பிடுகிறாளே, கெடுக்க வேண்டாம் என்று விடுவார். பஸ் தவறிய காலைகளில் தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடும்போது நினைப்பார், பின்னால் உட்கார்ந்து அவள் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவாள். கடைசியில் ஒரு குறுக்கு வழி தோன்றியது. ஒரு சனிக்கிழமை மாஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சுற்றி வளைத்துப் பேசி, பாட்டைக் கொஞ்சம் மெதுவாக நடத்தினால் கேட்க இன்னும் நன்றாக இருக்குமே என்றார். இசையைப் பற்றி லாசரஸ் கருத்துச் சொல்லிக் கேட்டதே இல்லாத மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். மெதுவானால் பாடுகிறவர்களுக்கு அந்த நீளத்துக்கு மூச்சு நிற்காது என்றார். ஒரு நாலைந்து நம்பர் குறைக்கலாம், அதற்குமேல் பாட்டு உட்கார்ந்துவிடும் என்றார். பிறகு, “ஆமா, எப்சிதான் நூத்திப் பன்னெண்டு வந்துடுச்சுங்கிறாங்களே. அப்புறம் இன்னாத்துக்கு மெதுவா?” என்று கேட்டார்.

அங்கே சொல்லியிருக்கலாம். நவம்பர் பாதிதான் ஆகியிருந்தது. சந்திரிகா படித்திருப்பாள், மாஸ்டர் மாற்றி எழுதியிருப்பார். லாசரஸ் சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தார். அவர் மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் அந்த டீயை வைத்துவிட்டு வந்த இடத்தில் மட்டும் அவரை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

நவம்பர் கடைசி ஒத்திகை, ஞாயிறு ஆராதனை முடிந்து, வெயில் ஏறின நேரத்தில் தேவாலயத்திலேயே நடந்தது. பாடுகிறவர்கள் படிகளில் நின்றார்கள், வயலின்காரர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். எப்சி மயில்நீலச் சேலை கட்டியிருந்தாள். எழுந்து நின்றாள். லாசரஸ் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, இத்தனை வருஷத்தில் கேட்காத ஒன்றை ஆண்டவரிடம் கேட்டார். இன்றைக்கு மட்டும் நான் ஒட்டியது நிஜமாக இருக்கட்டும் என்று கேட்டார்.

மாஸ்டர் கை நூற்றுப் பதினாறில் இறங்கியது. எப்சி முதல் பாரிலேயே பின்தங்கினாள். முகத்தில் குழப்பம் தெரிந்தது, மாஸ்டர் தப்பான வேகத்தில் ஆரம்பித்துவிட்டாரா என்பது போல அவரைப் பார்த்தாள். ஓடிப் பிடிக்கப் பார்த்தாள். முதல் தாவலில் விரல்கள் எங்கோ விழுந்தன. நிறுத்தினாள். மாஸ்டர் பரவாயில்லை என்று மறுபடி கையைத் தூக்கினார். மறுபடியும் அதே இடம். மூன்றாவது முறை வேகத்தை ஒரு படி குறைத்தார். அதிலும் நாலு பார் தாண்டவில்லை. நாற்பது பேரும் தங்கள் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எப்சி வில்லை இறக்கி, “சந்திரிகா, நீ வாசிம்மா” என்றாள்.

சந்திரிகா எழுந்து நின்றாள், பாவம். “அக்கா, நான் பாக்கவே இல்லக்கா. நீங்க வேணாம்னு சொன்னீங்கன்னு மாஸ்டர் சொன்னாரு” என்றாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, அதுதான் கொடுமை. இன்னும் இரண்டு வாரத்தில் ஆராதனை. அவளுக்கு வேலையில் வருஷ முடிவு நெருக்கடி, பதினாறு பாரையும் தயார் பண்ண வழியில்லை. மாஸ்டர் பென்சிலை எடுத்துத் தன் தாளில் அந்தப் பாகத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். அந்த இடத்தில் கீபோர்டு வெறுமே பிடித்துக்கொள்ளட்டும் என்றார். அவளுக்காக எழுதிய பாட்டிலிருந்து அவளுடைய பாகம் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் எப்சி யாரையும் நோகவில்லை. பதற்றமாகிவிட்டது என்றாள், கூட்டத்தைப் பார்த்து நாளாயிற்று இல்லையா என்றாள். மறுநாள் சாயங்காலம் லாசரஸ் வேலையிலிருந்து வந்தபோது அவள் கூடத்து மேசை முன் உட்கார்ந்திருந்தாள். மெட்ரோனோம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவள் வெறுக்கிற போன், அதுவும் பீப் பீப் என்று தட்டிக்கொண்டிருந்தது. இரண்டிலும் நூற்றுப் பன்னிரண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவே இல்லை.

எப்சி நிமிர்ந்து பார்த்து லேசாகச் சிரித்தாள். “பாருங்க, இது எவ்வளோ மெதுவா ஓடுது. ஸ்பிரிங் போயிடுச்சு போல. பாவம், இதுக்கும் என்ன மாதிரிதான், நரம்பு செத்துப்போச்சு” என்றாள்.

அவளே வழி காட்டினாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பழி பழைய இரும்பின் மேல் போயிருக்கும். லாசரஸ் செருப்பைக் கழற்றாமல் நின்றார். பிறகு வந்து கம்பியைப் பிடித்து நிறுத்தி, எடையைக் கழற்றி, திருப்பி அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் விரலுக்குத் தெரியாது என்பதால் கையைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்ததை அவள் பார்த்தாள்.

“நீ அழுதேல்ல, அன்னிக்கு அடுத்த நாள் ஒட்டினேன்” என்றார் லாசரஸ்.

எப்சி எடையை உள்ளங்கையில் வைத்தபடியே இருந்தாள். வெளியே வேளச்சேரி ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவள் கத்தியிருந்தால், எடையைத் தூக்கி எறிந்திருந்தால், லாசரஸுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“உண்மையான நம்பர் என்ன?” என்று கேட்டாள்.

“எண்பத்து நாலுலதான் இருந்துச்சு. கடைசி வாரம் எண்பது.”

“எண்பத்து நாலுன்னு தெரிஞ்சிருந்தா அக்டோபர்லயே சந்திரிகா கிட்ட கொடுத்திருப்பேன். இல்லன்னா மாஸ்டர் வேற மாதிரி எழுதித் தரேன்னாரு, அதுல நாலாவது விரலே வேணாம்னு சொல்லியிருப்பேன். ஏதோ ஒண்ணு வாசிச்சிருப்பேங்க.” அவள் குரல் உயரவில்லை. “டாக்டர் சரியாயிடும்னாரு. பாஸ்டர் சரியாயிடும்னாரு. உங்க தங்கச்சி, என் ஆபீஸ், பஸ்ல வர்றவங்க, எல்லாரும் சரியாயிடும்னாங்க. நீங்களும். எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னாங்க. இது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல் சொல்லாதது. இதைப் போய் நீங்க கெடுத்துட்டீங்களே.”

லாசரஸ் அழுதார். எப்சி அழவில்லை. எடையை மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்றும் சோறு சமயத்துக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பிளேடு முனையால் எம்-சீலைத் துளித்துளியாகச் சுரண்டி எடுத்தார் லாசரஸ். வாட்ச்சை வைத்து ஒவ்வொரு நம்பராக எண்ணிச் சரிபார்த்தார். சரியாக இருந்தது. துடைத்து அலமாரியில் வைத்தார். எப்சி அதைக் கேட்கவும் இல்லை, வீட்டில் வயலின் பெட்டியைத் திறக்கவும் இல்லை.

கீத ஆராதனையில் எப்சி இரண்டாம் வயலின் வரிசையில் கடைசியில் உட்கார்ந்து நீளமான சுரங்களை வாசித்தாள். அதற்கு அந்த விரல்கள் போதும். அந்தப் பாட்டு வந்தது. இசை தெரியாத லாசரஸுக்கு அந்தப் பதினாறு பார் மட்டும் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று மனப்பாடம். ஸ்டூலில் உட்கார்ந்து அத்தனை சாயங்காலம் கேட்டிருக்கிறாரே. கீபோர்டு ஒரே சத்தத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, குரல்கள் மெல்ல நீண்டன. மேலே ஒன்றும் ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பாட்டு பிரமாதம் என்று லாசரஸ் காதில் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்று கடைசிக் கீர்த்தனை பாடியபோது லாசரஸ் அன்றைக்கு உதட்டைக்கூட அசைக்கவில்லை.

புது வருஷம் பிறந்து, பொங்கல் விடுமுறையில் ஒரு சாயங்காலம். லாசரஸ் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எப்சி மெட்ரோனோமைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பிறகு ஸ்டூலைக் காலால் தள்ளி அதன் பக்கத்தில் போட்டாள்.

“வைங்க” என்றாள்.

லாசரஸ் எழுந்து போய் உட்கார்ந்தார். சாவி கொடுத்தார். எவ்வளவு என்று கேட்டார்.

“எழுவத்திரண்டு. அதுக்கு மேல வராது.”

வரும், சரியாயிடும் என்று அவர் தொண்டை வரைக்கும் வந்தது. முப்பது வருஷப் பழக்கம், சும்மா இருக்குமா. லாசரஸ் வாயை மூடிக்கொண்டு எடையை எழுபத்திரண்டில் வைத்தார். எப்சி வயலினைத் தோளில் ஏந்தி வாசித்தாள். அத்தனை மெதுவில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக அவருக்குக் கேட்டது. நடந்து நடந்து வந்து தாவுகிற இடத்தில் தடுக்கியது. அப்புறம் இறங்கி வரும்போது இன்னோரிடத்தில். முடித்துவிட்டு எப்சி வில்லை இறக்கி அவரைப் பார்த்தாள். தலையசைக்கவில்லை. அவர் சொல்லட்டும் என்று நின்றாள்.

“ரெண்டு எடத்துல தப்பாச்சு” என்றார் லாசரஸ். சொல்லும்போதே அவர் கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

“ஆமா” என்றாள் எப்சி. “அறுவத்தாறு வைங்க.”

லாசரஸ் எடையை இரண்டு பள்ளம் மேலே ஏற்றினார்.